‘எனக்கும்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பல ஆண்டுகளுக்கு முன், மாதக் கணக்கு முடிக்கும் ஒரு மாலைப் பொழுதில், மான்செஸ்டரில் இருந்த ஒரு மூத்த கணக்காளரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு தொகையைச் சுட்டிக்காட்டி, அது சரியாக இருக்கும் என்று தான் நினைக்கவில்லை என்ற பொருளில், “ஐ டோன்ட் திங்க் தட்ஸ் ரைட்” என்றார். எனக்கும் அதே ஐயம் காலையிலிருந்தே இருந்தது. ஒருவர் நம் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிட்ட மகிழ்ச்சியில், சற்றும் யோசிக்காமல் “ஸோ டூ ஐ” என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் இரண்டு விநாடி அமைதி. பிறகு அவர் மிகுந்த மரியாதையோடு, அப்படியானால் அந்தத் தொகை சரி என்பது உங்கள் கருத்தா என்று கேட்டார். நான் அவரோடு உடன்படுவதாக நினைத்துக்கொண்டு பேசினேன். என் வாயிலிருந்து வந்ததோ எந்தப் பக்கம் என்று தெரியாத ஒரு சொற்றொடர். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது “நைதர் டூ ஐ”.

இந்தக் கட்டுரையில் ஆங்கிலத் தொடர்கள் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். இவை பேச்சில் பிறந்து பேச்சிலேயே வாழும் தொடர்கள் என்பதால், கண்ணுக்குத் தெரிவதைவிடக் காதில் விழுவதுதான் இங்கே முக்கியம். எழுத்துக்கூட்டல் தெரிந்தவர்கள் தாங்களே மனத்தில் மாற்றிக்கொள்வார்கள்.

அன்றைய தவற்றின் வேர் எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று. தமிழில் ஒருவர் “நான் நேற்றுப் போகவில்லை” என்றால், நாம் “நானும்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். “நான் நேற்றுப் போனேன்” என்றாலும் அதே “நானும்” போதும். நம் இலக்கணம் எச்சவும்மை என்று அழைக்கும் இந்த ‘உம்’, ஆளைக் குறிக்கும் சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. போனதும் போகாததும், நேற்றும் நாளையும், எதிரே இருப்பவரின் வினைச்சொல்லிலேயே இருக்கின்றன. அதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலம் இதே வேலையைச் செய்யும்போது, ஆளையும் சொல்லி, எதிரே இருப்பவரின் வினையிலிருந்து ஒரு துண்டையும் உடைத்து எடுத்து அதோடு சேர்த்துத் தரச் சொல்கிறது. அந்தத் துண்டுதான் துணைவினை. ஏற்பா மறுப்பா என்பதையும் கையோடு சொல்லிவிட வேண்டும்: ஏற்பு என்றால் முன்னால் ‘ஸோ’, மறுப்பு என்றால் முன்னால் ‘நைதர்’. ‘நைதர்’ என்பதை அமெரிக்கர்களில் பெரும்பாலோர் ‘நீதர்’ என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

இப்போது சனிக்கிழமை மாலைகளில், எங்கள் தெருவிலேயே ஒரு மாடியறையில், செவிலியர் படிப்பு முடித்து வெளிநாட்டு நேர்காணலுக்குத் தயாராகும் ஆறு பெண்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தருகிறேன். அவர்கள் இலக்கணம் அறியாதவர்கள் அல்லர். தாளில் கொடுத்தால் பத்துக்கு ஒன்பது சரியாக நிரப்புவார்கள். எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் சொன்னால் எல்லாம் “மீ ஆல்ஸோ” என்றாகிவிடும். ஒரு நாள் கரும்பலகையில் தமிழில் மூன்று வாக்கியங்களை எழுதினேன். எனக்குப் பசிக்கிறது. எனக்குக் காபி பிடிக்கும். எனக்கு இரண்டு தம்பிகள். மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள் என்றேன். ஆறு பேரும் ஒரே குரலில் மூன்று முறை “எனக்கும்” என்றார்கள்.

பிறகு அதே மூன்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். “ஐம் ஹங்ரி” என்றதற்கு “ஸோ ஏம் ஐ” வர வேண்டும். “ஐ லைக் காஃபி” என்றதற்கு “ஸோ டூ ஐ”. “ஐவ் காட் டூ பிரதர்ஸ்” என்றதற்கு “ஸோ ஹேவ் ஐ”. நம் நான்காம் வேற்றுமை ஒன்றே ஒன்றாகத் தாங்கி நிற்கும் பசியையும் விருப்பத்தையும் உடைமையையும் ஆங்கிலம் மூன்று வெவ்வேறு வினைகளிடம் பிரித்துக் கொடுத்துவிட்டது. எனவே ‘எனக்கும்’ என்ற எண்ணம் மனத்தில் எழுந்த பிறகு, அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. அது நம் மனத்தில் இல்லை. எதிரே இருப்பவர் இப்போதுதான் சொல்லி முடித்த வாக்கியத்தில் இருக்கிறது.

ஆனால் அந்த வாக்கியத்திலிருந்து எல்லாவற்றையும் அப்படியே எடுத்துவிடவும் கூடாது. வினையின் வகையும் காலமும் அவருடையவை. ஒருமை பன்மையும் இடமும் நம் வாக்கியத்தின் எழுவாயைச் சேர்ந்தவை. ஒருத்தி “ஐ லிவ் இன் எ ஹாஸ்டல்” என்று சொல்கிறாள். அவளுக்குப் பதில் சொல்பவள் தன்னைப் பற்றிச் சொன்னால் “ஸோ டூ ஐ”. தன் தங்கையைப் பற்றிச் சொன்னால் “ஸோ டஸ் மை சிஸ்டர்”. “மை பேரன்ட்ஸ் வேர் லேட்” என்பதற்கு “ஸோ வாஸ் ஐ”. முதலாவதில் ‘டூ’ என்பது ‘டஸ்’ ஆனது எழுவாய் மாறியதால். இரண்டாவதில் ‘வேர்’ என்பது ‘வாஸ்’ ஆனதும் அதனால்தான். இறந்தகாலம் மட்டும் அசையவில்லை. இந்த இரட்டைக் கணக்கை விளக்காமல், “அவர் சொன்ன துணைவினையையே சொல்லுங்கள்” என்று மட்டும் கற்றுக்கொடுத்தால் “ஸோ டூ மை சிஸ்டர்” என்று வந்து நிற்பார்கள். முதல் மாதத்தில் நான் அப்படித்தான் கற்றுக்கொடுத்தேன்.

துணைவினை வெளிப்படையாகத் தெரியாத வாக்கியங்களுக்கு ஒரு சோதனை உண்டு. அதை விட்டால் வேறு நம்பகமான வழியை நான் கண்டதில்லை. எதிரே இருப்பவரின் வாக்கியத்தை மனத்துக்குள் கேள்வியாக மாற்றிப் பார்க்க வேண்டும். கேள்வியில் எந்தச் சொல் முதலில் வந்து நிற்கிறதோ அதுவே பதிலுக்கும் உரியது. “ஐ ஒர்க்ட் லாஸ்ட் சண்டே” என்பதைக் கேள்வியாக்கினால் “டிட் யூ ஒர்க்” என்று வரும். ஆகவே “ஸோ டிட் ஐ”. இந்தச் சோதனையின் அருமை ‘ஹேவ்’ என்ற சொல்லிடம் வரும்போதுதான் தெரியும். அந்தச் சொல் சில இடங்களில் துணைவினையாகவும் சில இடங்களில் முதன்மை வினையாகவும் வேலை செய்கிறது. “ஐ ஹேவ் டு லீவ் எர்லி” என்று ஒருவர் சொன்னால், காதில் ‘ஹேவ்’ விழுந்த வேகத்தில் “ஸோ ஹேவ் ஐ” என்று சொல்லத் தோன்றும். கேள்வியாக்கிப் பாருங்கள்: “டூ யூ ஹேவ் டு லீவ்?” பதில் “ஸோ டூ ஐ”. அதையே அவர் “ஐவ் காட் டு லீவ்” என்று சொல்லியிருந்தால், “ஹேவ் யூ காட் டு லீவ்?”, எனவே “ஸோ ஹேவ் ஐ”. பொருளில் நூலளவு வேறுபாடும் இல்லை; சொன்ன விதம் மாறியதால் பதில் மாறுகிறது. “ஐ ஹேட் லஞ்ச் அட் டூ” என்பதற்கும் “ஸோ டிட் ஐ” என்பதே பதில். பழைய பிரிட்டிஷ் வழக்கில் உடைமையைக் குறிக்கும் ‘ஹேவ்’ துணைவினை போலவே நடந்துகொள்ளும் என்பதால், “ஐ ஹேவ் எ கோல்ட்” என்பதற்கு “ஸோ ஹேவ் ஐ” என்று முதியவர்கள் சிலர் சொல்லக் கேட்கலாம். அதைப் பிழை என்று யாரும் திருத்தப் போக வேண்டாம். நாம் ‘டூ’வோடு நின்றுகொள்வது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

உண்மையான தொல்லை சுருங்கிய ஒலிகளில் இருக்கிறது. பேச்சில் துணைவினைகள் பெரும்பாலும் முழு உருவில் வருவதில்லை. ‘ஐ ஹேட்’ என்பதும் ‘ஐ வுட்’ என்பதும் ஒரே ‘ஐட்’ ஆகத் தேய்ந்துவிடுகின்றன. ‘ஹீ இஸ்’, ‘ஹீ ஹேஸ்’ இரண்டும் ஒரே ‘ஹீஸ்’. அடுத்து வரும் சொல்தான் எது எது என்று காட்டிக்கொடுக்கும். ஒரு சனிக்கிழமை, இரண்டு மாணவிகளைப் புதிதாக ஒரே பிரிவில் சேர்ந்த செவிலியர்களாக நடிக்கச் சொல்லி, ஒரு பக்கத்து வாக்கியங்களை மட்டும் தாளில் எழுதிக் கொடுத்தேன். மற்றவள் கேட்டுவிட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் வாக்கியம், “ஐட் நெவர் சீன் சோ மெனி பேஷன்ட்ஸ் பிஃபோர் திஸ்.” இதற்கு முன் இத்தனை நோயாளிகளைப் பார்த்ததே இல்லை என்பது பொருள். எதிரே இருந்தவள் “ஸோ டூ ஐ” என்றாள். நான் நிறுத்தி, ‘ஐட்’ என்பதற்குப் பிறகு என்ன சொல் கேட்டது என்றேன். “நெவர், அக்கா” என்றாள். அதற்குப் பிறகு? “சீன்.” ‘ஸீ’ இல்லை, ‘சா’ இல்லை, மூன்றாம் வடிவமான ‘சீன்’. மூன்றாம் வடிவம் வந்தால் ‘ஐட்’ என்பது ‘ஹேட்’. நடுவில் ‘நெவர்’ உட்கார்ந்திருப்பதால் வாக்கியம் மறுப்பு. இரண்டையும் சேர்த்து அவளே “நைதர் ஹேட் ஐ” என்று கட்டினாள். அடுத்த வாக்கியம், “ஐட் லவ் எ கப் ஆஃப் டீ.” இப்போது ‘ஐட்’ என்பதற்குப் பின் வந்தது ‘லவ்’ என்ற மூல வடிவம். ஆகவே அது ‘வுட்’. “ஸோ வுட் ஐ.” மூன்றாவது, “ஐட் ராதர் ஒர்க் நைட்ஸ்.” ‘ராதர்’ வந்தால் அது எப்போதும் ‘வுட்’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘பெட்டர்’ வந்தால் அது எப்போதும் ‘ஹேட்’. ஆனால் “ஐட் பெட்டர் கோ” என்பதற்கு “ஸோ ஹேட் ஐ” என்று சொல்வது இலக்கணப்படி சரியே ஆனாலும், காதுக்குச் சற்று விறைப்பாக இருக்கும் என்பது என் கருத்து. அந்த இடத்தில் “மீ டூ” என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்.

மூல வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாகவே இருக்கும் வினைகளில் இந்த வழியும் கைவிட்டுவிடும். “ஐட் கம்” என்பதில் ‘கம்’ இரண்டுக்கும் பொது. வந்திருந்தேன் என்றும் வருவேன் என்றும் பொருள் கொள்ளலாம். அங்கே காலத்தைக் காட்டும் சொற்களை, ‘இஃப்’ வருகிறதா என்பதை, பேச்சின் முன்பின்னைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மறுப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் என் மான்செஸ்டர் சங்கடம் அங்கேதான் நிகழ்ந்தது. ‘நாட்’ என்ற சொல் இருந்தால் மறுப்பு, இல்லாவிட்டால் ஏற்பு என்று எண்ணிக்கொள்வது போதாது. ‘நெவர்’, ‘ஹார்ட்லி’, ‘செல்டம்’ ஆகியவை வந்தால், ‘நாட்’ இல்லாமலேயே வாக்கியம் மறுப்பாகிவிடும். “ஐ ஹார்ட்லி எவர் ஈட் அவுட்” என்று ஒருவர் சொன்னால் “நைதர் டூ ஐ” என்பதே பொருத்தம். மறுபுறம், பொருளில் மறுப்பு இருந்தும் இலக்கணத்தில் ஏற்பாக நிற்கும் சொற்கள் உண்டு. “ஐ டவுட் இட்” என்றால் ஐயப்படுகிறேன், நம்பவில்லை என்று பொருள். ஆனால் பதில் “ஸோ டூ ஐ”. “ஐம் அன்ஹேப்பி” என்றாலும் “ஸோ ஏம் ஐ” தான். மறுப்பு வினையைத் தொட்டிருக்கிறதா, ஒரு சொல்லின் உள்ளே அடைபட்டிருக்கிறதா என்பதே கேள்வி.

‘திங்க்’ என்ற வினையில் இது இன்னும் நுட்பமாகிறது. “இது சரியில்லை என்று நினைக்கிறேன்” என்பது தமிழில் இயல்பான வாக்கியம். மறுப்பு உள்வாக்கியத்தில் இருக்கிறது. நினைப்பது ஏற்பாக இருக்கிறது. ஆங்கிலேயர் பெரும்பாலும் அந்த மறுப்பை இழுத்து வெளிவாக்கியத்தில் வைத்து, “இது சரி என்று நினைக்கவில்லை” என்ற அமைப்பில் பேசுவார்கள். என் காதில் அவருடைய வாக்கியம் விழுந்தது. என் மனமோ அதைத் தமிழாக்கி, ‘சரியில்லை என்று நினைக்கிறேன்’ என்று திருத்தி வைத்துக்கொண்டது. நான் பதில் சொன்னது அந்தத் தமிழ் வாக்கியத்துக்கு. அதற்கு “ஸோ டூ ஐ” மிகச் சரியான பதில். அவர் சொல்லாத வாக்கியத்துக்குச் சரியான பதிலைச் சொன்னேன் என்று இன்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

‘ஸோ’வையும் ‘நைதர்’ஐயும் முன்னால் வைத்து வரிசையைத் திருப்பிப் போடுவது வாயில் வராதவர்களுக்கு, வரிசை மாறாத இன்னொரு வடிவம் இருக்கிறது. ஏற்புக்கு “ஐ டூ டூ”, மறுப்புக்கு “ஐ டோன்ட் ஐதர்”. தமிழில் எழுதும்போது “ஐ டூ டூ” என்பதில் இரண்டு சொற்களும் ஒன்றுபோலத் தெரிவது நம் எழுத்தின் குறும்பு. முதல் ‘டூ’ துணைவினை, தொண்டையை அதிரவைத்துச் சொல்ல வேண்டியது. இரண்டாவது ‘டூ’ நம் ‘உம்’, அதிர்வில்லாமல் சொல்ல வேண்டியது. இங்கேயும் துணைவினைப் பொருத்தம் அதேதான்: “ஐ ஏம் டூ”, “ஐ ஹேவ் டூ”, “ஐ டிட் டூ”, “ஐ ஹேவன்ட் ஐதர்”. இதில் எங்கள் வகுப்பில் அடிக்கடி வரும் பிழை ஒன்று. சுருக்கிப் பேசினால்தான் இயல்பாக இருக்கும் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை நம்பி, “ஐம் டூ” என்றும் “ஐவ் டூ” என்றும் சொல்வார்கள். பின்னால் வர வேண்டிய சொற்களை நாம் சொல்லாமல் விட்டுவிட்ட இடத்தில் துணைவினை சுருங்காது. விட்டதன் பாரம் முழுவதும் அதன் தலையில்தான் இருக்கிறது. “எஸ், ஐம்” என்று பதில் சொல்வது தவறாவதும் இதே காரணத்தால்தான். ‘நாட்’ ஒட்டிக்கொண்ட ‘டோன்ட்’, ‘ஹேவன்ட்’ போன்றவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

“ஐ டூ டூ” என்பதை மறுப்பு வாக்கியத்துக்குப் பதிலாகச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அமெரிக்கச் சிறுவர்கள் சண்டை போடும்போது, “உனக்குத் தெரியாது” என்று ஒருவன் சொன்னால் மற்றவன் “ஐ டூ டூ” என்று கத்துவான். அங்கே அது ‘எனக்கும்’ அன்று; ‘ஏன் தெரியாது, தெரியும்!’ என்ற மறுத்துரை. உடன்படுவதற்காக நாம் சொல்லும் சொல் அந்த இடத்தில் வம்புச்சொல்லாகிவிடும்.

இதைவிட எளிதாகச் சறுக்கும் இடம் ‘ஸோ’வுக்குப் பின் வரும் வரிசை. “ஸோ ஹேவ் ஐ” என்றால் நானும் அப்படியே. “ஸோ ஐ ஹேவ்” என்றால் அட, ஆமாம், நீங்கள் சொன்னபிறகுதான் கவனிக்கிறேன் என்று பொருள். ஒருவர் என் சட்டையில் மை கொட்டியிருப்பதைச் சுட்டிக்காட்டி, “யூவ் காட் இங்க் ஆன் யுவர் ஷர்ட்” என்றால், குனிந்து பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டியது இரண்டாவது. அதில் அழுத்தம் கடைசிச் சொல்லான ‘ஹேவ்’ மேல் விழும். முதலாவதிலும் அழுத்தம் கடைசியில்தான், ஆனால் கடைசியில் இருப்பது ‘ஐ’. புதிதாகச் சேர்கிற ஆள் அவர்தானே. நடுவில் நிற்கும் துணைவினையை மெலிதாகத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். நம் பெண்கள் மூன்று சொற்களையும் சம எடையோடு, ஒப்பிப்பதைப்போல், சொல்லும்போது இலக்கணம் சரியாக இருந்தும் கேட்பவருக்குச் சற்று அந்நியமாக ஒலிக்கிறது.

இத்தனையும் எதற்கு, “மீ டூ”, “மீ நைதர்” என்ற இரண்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளக்கூடாதா என்று கேட்கலாம். நண்பர்களிடையே தாராளமாகத் தள்ளலாம். ஆங்கிலேயர்களும் அப்படியே தள்ளுகிறார்கள். அந்த இரண்டும் துணைவினையைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை, ஏற்பா மறுப்பா என்று மட்டும் கேட்கின்றன. துணைவினையைக் கேட்காத வகையில் நம் ‘நானும்’ போன்றவை. ஆனால் “மீ நைதர்” என்பது எழுத்திலும் நேர்காணலிலும் கொஞ்சம் தளர்வாகத் தெரியும். இருந்தாலும், தடுமாறி நின்று தவறான துணைவினையைச் சொல்வதைவிட “மீ டூ” மேல் என்று என் மாணவிகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன்.

போன மாதம் ஒரு மாலை, மழை விட்ட பிறகு வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிக்கொண்டிருந்தோம். ‘ஐட் நெவர் சீன்’ என்பதில் தடுக்கி விழுந்த அதே மாணவி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவள் கையில் பை மட்டும் இருந்ததைப் பார்த்து, “யூவ் லெஃப்ட் யுவர் அம்ப்ரெல்லா” என்றேன். “ஸோ ஐ ஹேவ்” என்று சொல்வாளா, “ஸோ ஹேவ் ஐ” என்று குழப்புவாளா என்று பார்க்கும் ஆசையும் எனக்கு உண்டு. அவள் திரும்பி என் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு கடைசிச் சொல்லில் அழகாக அழுத்தம் கொடுத்து, “ஸோ ஹேவ் யூ, அக்கா” என்றாள். இரண்டு குடைகளும் மேலே சன்னல் கம்பியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.